ஒற்றை நட்சத்திர விமர்சனத்துக்கு ஒரு பதில்

கோயம்புத்தூரில் ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு சின்ன வெப் டிசைன் ஏஜென்சி. நடத்துகிற தம்பியை எனக்குப் பல வருடமாகத் தெரியும். அவர்களுடைய சைட்டுகளுக்கு எழுத்து வேலை நான்தான் செய்து கொடுப்பேன். போன வருடக் கடைசியில் அவர்களுடைய கூகுள் பக்கத்தில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு ஒரு விமர்சனம் எழுதினார். ஃபர்னிச்சர் கடை வைத்திருப்பவர். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தம்பி கேட்டார். எழுதினோம். அது எப்படி உருவானது என்பதை விவரமாகச் சொல்லலாம் என்று அவரே சொன்னதால் இந்தப் பதிவு. கடை யாருடையது, ஏஜென்சி எது என்பதெல்லாம் வேண்டாம்.

விமர்சனம் கிட்டத்தட்ட இப்படி இருந்தது: "புது வெப்சைட் பண்ணித் தர்றோம்னு பணம் வாங்குனாங்க. சைட் மாத்துனதுமே கூகுள்ல எங்க கடை காணாமப் போயிருச்சு. போன் பண்ணா எடுக்கறதில்ல. வேற கம்பெனிக்குப் போறோம்னு சொன்னதும் டொமைனைக் குடுக்காம ரெண்டு மாசம் இழுத்தடிச்சாங்க. ஏமாத்துக்காரங்க. யாரும் போயிராதீங்க."

தம்பி ஏற்கெனவே ஒரு பதில் எழுதி வைத்திருந்தார். நல்லவேளை, போடவில்லை. "நாங்கள் டொமைனைப் பிடித்து வைக்கவில்லை. கூகுள் அல்காரிதம் மாறினால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. மூன்றாவது தவணையை நீங்கள்தான் தாமதமாகக் கொடுத்தீர்கள். பொய்யான குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்தால் சட்ட நடவடிக்கை எடுப்போம்." அவர் மனநிலை எனக்குப் புரிந்தது. ஐந்து குடும்பம் பிழைக்கிற இடத்தை ஒருவர் ஏமாற்றுக்காரர் என்று எழுதினால் கை துடிக்கத்தான் செய்யும். ஆனால் இந்தப் பதிலைப் படிக்கிற இன்னொரு கடைக்காரர், "நாளைக்கு நமக்கும் இவர்களுக்கும் மனஸ்தாபம் வந்தால் நம்ம பணக் கணக்கையும் ஊருக்குச் சொல்லிவிடுவார்கள்" என்றுதான் முதலில் நினைப்பார்.

அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் இன்னொன்று எழுதியிருந்தார். "உங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்துக்கு வருந்துகிறோம். எங்கள் குழுவைத் தொடர்புகொள்ளவும்." இதில் கோபம் இல்லை, தப்பாக ஒரு வார்த்தை இல்லை. ஆனால் போன் எடுக்கவில்லை என்று எழுதியவரிடம் தொடர்புகொள்ளச் சொல்வது அவரை இன்னும் எரிச்சல்படுத்தும். டொமைன் பற்றிய குற்றச்சாட்டும் பதில் இல்லாமல் அப்படியே நிற்கும்.

பதில் எழுதும் முன், நடந்ததைத் தேதி வாரியாக எடுத்துவைக்கச் சொன்னேன். ஞாபகத்திலிருந்து வேண்டாம், மின்னஞ்சல், வாட்ஸ்அப், சர்வர் பதிவு, டொமைன் பதிவு நிறுவனம் அனுப்பிய கடிதங்கள், இவற்றிலிருந்து மட்டும். வாடிக்கையாளர் போன பிறகு கூகுள் சர்ச் கன்சோலுக்குள் நுழையும் அனுமதி இவர்களிடம் இல்லை. அது நியாயம்தான். மாதா மாதம் அவருக்கு அனுப்பிய அறிக்கைகளின் நகல் கையில் இருந்தது, அது போதுமாக இருந்தது.

முதல் குற்றச்சாட்டு, கூகுளில் காணாமல் போனது. தம்பி அல்காரிதத்தைக் காரணம் சொன்னார். அறிக்கையைப் பார்த்தால் சரிவு தொடங்கியது புது சைட் ஏற்றிய ஜூன் 10-க்கு அடுத்த சில நாட்களில். அல்காரிதம் மாற்றம் என்றால் ஒரு கடையின் சைட் மாற்றிய வாரத்தையே தேடி வந்து தொடங்காது. பழைய சைட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் `/sofa.html` மாதிரியான முகவரி இருந்தது. புது சைட்டில் அது `/product/sofa/` ஆகிவிட்டது. பழைய முகவரியைத் தட்டினால் புதியதற்குத் தானாகப் போக வேண்டும். அதற்கு 301 என்கிற நிரந்தர மாற்று ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும். செய்யப்படவில்லை. கூகுள் இத்தனை வருடமாகத் தெரிந்துவைத்திருந்த பக்கங்கள் எல்லாம் ஒரே நாளில் "இல்லை" என்று பதில் சொல்ல ஆரம்பித்தன.

இதைச் சோதிப்பது சுலபம். பழைய முகவரி ஒன்றை எடுத்து இப்படிக் கேட்கலாம்:

```
curl -I https://example.com/sofa.html
```

முதல் வரியில் 301 வந்து, அதன் கீழே `location` என்ற வரியில் சரியான புதுப் பக்கம் இருந்தால் நல்லது. 404 வந்தால் அந்தப் பக்கம் அநாதை. சைட் மாறிவிட்டது, பழைய முகவரிகள் ஞாபகமில்லை என்றால் இணைய ஆவணக் காப்பகமான வேபேக் மெஷினில் பழைய சைட்டின் படிகள் பெரும்பாலும் கிடைக்கும்.

இதற்குள் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. கடைக்காரர் ஜூன் 24 அன்று புகார் சொன்னதும் இவர்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாளில் ஒரு திருத்தம் போட்டார்கள்: பழைய முகவரி எதுவானாலும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அவசரத்தில் பலரும் செய்வது இது. சோபா பக்கத்தைத் தேடி வந்தவரை முகப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், "அந்தப் பக்கம் இல்லை" என்பதற்குச் சமமாகத்தான் கூகுள் அதை எடுத்துக்கொள்ளும். பக்கத்துக்குப் பக்கம் சரியாக இணைத்தது ஜூலை 9 அன்றுதான். அதன் பிறகும் கூகுள் எல்லாப் பக்கத்தையும் மறுபடி படித்து முடிக்கச் சில வாரம் ஆகும். அது முடிவதற்குள், ஜூலைக் கடைசியில், அவர் பொறுமை இழந்து வேறு இடம் பார்த்துவிட்டார்.

ஆக, முதல் குற்றச்சாட்டு உண்மை. இரண்டாவது, போன் எடுக்காதது: அழைப்புப் பட்டியலைப் பார்த்தால் எடுத்த அழைப்புகளும் இருந்தன, எடுக்காதவையும் இருந்தன. ஆனால் எடுத்தபோதெல்லாம் "பாத்துட்டு இருக்கோமுங்க" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. "நாங்க எத்தனை தடவை எடுத்தோம்னு எண்ணிச் சொல்லட்டுங்களா அக்கா?" என்றார் தம்பி. வேண்டாம் என்றேன். அவருக்கு வேண்டியிருந்தது பதில். அது கிடைக்காதபோது போனை எடுத்தோம் என்று கணக்குக் காட்டுவது வீண் வழக்கு.

மூன்றாவதுதான் சிக்கலானது, இந்த விமர்சனத்தின் விஷமும் அதில்தான் இருந்தது. டொமைனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்பது இந்தத் தொழிலில் ஒரு ஏஜென்சியைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக மோசமான குற்றச்சாட்டு. அப்படி உண்மையாகவே செய்கிறவர்கள் இருப்பதால் படிக்கிறவர்கள் உடனே நம்புவார்கள். இங்கே நடந்தது வேறு. டொமைன் ஆரம்பத்திலிருந்தே ஏஜென்சியின் பெயரில் பதிவாகியிருந்தது. சின்னக் கடைகளுக்கு வேலை செய்யும்போது இது சகஜம், நல்ல பழக்கம் இல்லை என்றாலும். அவர் போகிறேன் என்றதும், ஒழுங்காக ஒப்படைப்போம் என்று நினைத்து ஆகஸ்ட் 2 அன்று பதிவுதாரர் பெயரை அவர் பெயருக்கு மாற்றினார்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் புது நிறுவனம் டொமைனைத் தன் பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முயன்றபோது முடியவில்லை.

காரணம் ஐகேனின் விதி. `.com` போன்ற டொமைன்களில் பதிவுதாரர் பெயர் மாறினால், அடுத்த 60 நாட்களுக்கு அதை வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாதபடி பூட்டு விழும். திருடியவன் உடனே வேறிடத்துக்குக் கடத்திவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. பெயரை மாற்றும் முன்பே அந்தப் பூட்டு வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பைப் பதிவு நிறுவனம் கொடுக்கலாம். இவர்களுடைய நிறுவனம் கொடுத்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. மாற்றிய பிறகு அந்த வாய்ப்பு கிடையாது. டொமைனை யாரும் தேடிப் பார்க்கக்கூடிய `lookup.icann.org` தளத்தில் `clientTransferProhibited` என்று நிலை காட்டும். அதைப் பார்க்கிற புது நிறுவனத்துக்கு, பழையவர்கள் வேண்டுமென்றே பூட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அவர்கள் கடைக்காரரிடம் அப்படியே சொல்லியிருக்கவும் வேண்டும்.

பூட்டு அக்டோபர் 1 அன்று விலகியது, 3 அன்று மாற்றம் முடிந்தது. ஆனால் பூட்டு இருந்தபோதும் டொமைன் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்பதை மாற்றத் தடை இல்லை. புது நிறுவனம் கேட்டதும் நேம்சர்வரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 9 முதல் கடையின் புது சைட் அதே முகவரியில்தான் ஓடியது. ஒருநாள்கூட நிற்கவில்லை. இது மிக முக்கியமான உண்மை. தம்பியின் கோபமான பதிலில் இது ஒரு வரிகூட இல்லை.

இருந்தாலும் கடைக்காரர் பக்கமிருந்து பார்த்தால் "ரெண்டு மாசம்" என்பது சரியான கணக்கு. அவருக்கு ஏஜென்சி அனுப்பியது ஒரே ஒரு வரி: "60 டேஸ் லாக் இருக்கு, வெயிட் பண்ணுங்க." ஏன் பூட்டு, யார் போட்டது, அதுவரை என்ன செய்யலாம், எதுவும் இல்லை. பதிவு நிறுவனத்துக்குள்ளேயே அவர் பெயரில் ஒரு கணக்குத் திறந்து டொமைனை அங்கே தள்ளிவிட்டிருந்தால், அன்றைக்கே முழுக் கட்டுப்பாடும் அவர் கைக்குப் போயிருக்கும்; நிறுவனம் மாற்றுவதைப் பிறகு ஆற அமரப் பார்த்திருக்கலாம். அதையும் யாரும் சொல்லவில்லை.

மிச்சம் இருப்பது "ஏமாத்துக்காரங்க." அதற்குப் பதில் எழுதத் தேவையில்லை என்பது என் கட்சி. அது அவருடைய முடிவு. நடந்ததைச் சொன்னால் அந்த முடிவு சரியா என்று படிக்கிறவர் பார்த்துக்கொள்வார். "நாங்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல" என்று எழுதினால் அந்த வார்த்தை அந்தப் பக்கத்தில் இரண்டு தடவை இருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது தவணைக் கதையில்தான் எனக்கும் தம்பிக்கும் நீண்ட பேச்சு. "உண்மைதானுங்க அக்கா, தாமதமாத்தான் குடுத்தாரு" என்றார். உண்மையாகவே இருக்கட்டும். அவர் தன் விமர்சனத்தில் எழுப்பிய விஷயம் அதுவல்ல. தொழில் உறவில் தெரியவந்த ஒருவரின் பண விவரத்தைப் பொதுவெளியில் போட ஏஜென்சிக்கு உரிமை இல்லை. மருத்துவத் துறையில் இதன் விலையே வேறு: அமெரிக்காவில் டல்லாஸில் ஒரு பல் மருத்துவமனை, இணைய விமர்சனத்துக்குப் பதில் எழுதும்போது நோயாளியின் விவரங்களை வெளியிட்டதற்காக 2019-ல் அரசுக்கு 10,000 டாலர் கட்டியது. நமக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, எல்லைக்கோடு பொருந்தும். வாடிக்கையாளர் தானே பேசியதைப் பற்றி மட்டும் பேசலாம். அவர் பேசாததை நாம் முதலில் வெளியே எடுக்கக் கூடாது. அவர் தன் கடைப் பெயரைக்கூட விமர்சனத்தில் எழுதவில்லை. ஆகவே பதிலிலும் கடைப் பெயர் கிடையாது, ஊரும் கிடையாது, தொகையும் கிடையாது.

புகார் கொடுத்து விமர்சனத்தை நீக்க முடியுமா என்றும் பார்த்தார்கள். வாடிக்கையாளர் நிஜமானவர், வசவு இல்லை, வேறு விதிமீறலும் இல்லை. யார் சொல்வது உண்மை என்கிற தகராறில் கூகுள் தலையிடாது. பணத்தைத் திருப்பித் தருகிறோம், விமர்சனத்தை எடுத்துவிடுங்கள் என்று பேரம் பேசுவது கூகுளின் விதிகளுக்கே எதிரானது. அது வேண்டாம் என்று எல்லோருமே ஒத்துக்கொண்டோம்.

எழுத உட்கார்ந்தபோது ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. தமிழில் பதில் எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. கூகுளின் பிசினஸ் புரொஃபைல் ஏபிஐ ஆவணத்தில் பதிலுக்கான உச்சவரம்பு 4096 பைட் என்று இருக்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். "கூ" என்பதில் "க"வும் துணைக்குறியும் தனித்தனி என்பதால் ஆறு. கணக்குப் போட்டால் தமிழில் ஏறக்குறைய நூற்று நாற்பது சொற்களில் முடித்தாக வேண்டும். எங்கள் முதல் வடிவம் அதற்கு மேல் போனது. வெட்ட வேண்டி வந்தபோது முதலில் போனவை "எங்கள் நிறுவனம் பல ஆண்டுகளாக" என்று தொடங்கிய வாக்கியமும், சில மென்மையான முன்னுரைகளும். போனதால் நஷ்டம் எதுவும் இல்லை.

கடைசியில் போட்டது இது:

"வணக்கம் சார். உங்கள் சைட்டை ஜூன் 10 அன்று மாற்றினோம். பழைய பக்கங்களின் முகவரிகளைப் புதியவற்றோடு இணைக்காமல் விட்டது எங்கள் தவறு. கூகுளில் உங்கள் பக்கங்கள் கீழே போனதற்கு அதுதான் காரணம். நீங்கள் ஜூன் 24 அன்று சொன்னீர்கள்; நாங்கள் முழுமையாகச் சரிசெய்தது ஜூலை 9. அந்த இரண்டு வாரம் உங்களுக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. மன்னிக்கவும்.

டொமைனை ஆகஸ்ட் 2 அன்று உங்கள் பெயருக்கு மாற்றினோம். பெயர் மாறியதும் 60 நாள் வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாதபடி பூட்டு விழுந்தது. அதை முன்பே கவனித்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த நாட்களில் உங்கள் புதிய சைட் ஆகஸ்ட் 9 முதல் அதே முகவரியில் இயங்கியது. மாற்றம் அக்டோபர் 3 அன்று முடிந்தது.

பழைய, புதிய முகவரிகளின் முழுப் பட்டியலை நேற்று உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறோம். உங்கள் இப்போதைய நிறுவனத்துக்கு அது உதவும். கட்டணம் இல்லை. வேறு எதுவானாலும் என்னை நேரடியாக அழையுங்கள்."

கீழே தம்பியின் பெயர், உரிமையாளர் என்று. "குழு" என்று கையெழுத்துப் போட வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

இதில் ஒரு வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் வடிவத்தில் "ஐகேன் விதிப்படி பூட்டு விழுந்தது, அது எங்கள் கையில் இல்லை" என்று இருந்தது. பாதி உண்மை. பூட்டு விழுந்த பிறகு அவர்கள் கையில் இல்லை. விழும் முன் இருந்தது. கடைக்காரரின் புது நிறுவனத்தில் விவரம் தெரிந்த ஒருவர் அந்தப் பாதியைச் சுட்டிக்காட்டினால் பதில் முழுவதும் நம்பிக்கை இழந்துவிடும். "முன்பே கவனித்து" என்ற இரண்டு சொற்கள் அதனால் வந்தவை. தம்பிக்கு அவை கசந்தன, ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

அந்த முகவரிப் பட்டியலை அனுப்பியதும் சும்மா ஒரு சமாதானத்துக்காக இல்லை. கடைக்காரரின் சைட் ஒரே வருடத்தில் இரண்டு தடவை மாறியிருக்கிறது. ஜூலையில் இவர்கள் போட்ட 301 ஏற்பாடுகள் இவர்களுடைய சர்வரில் இருந்தவை. சைட் வேறு சர்வருக்குப் போனதும் அவையும் போய்விட்டன. புதியவர்கள் அதைக் கவனித்தார்களா என்று நாங்கள் இரண்டு பழைய முகவரிகளைத் தட்டிப் பார்த்தோம். 404. இப்படிப்பட்ட ஏற்பாட்டைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. அதாவது அவருடைய நஷ்டம் அன்றைக்கும் தொடர்ந்துகொண்டிருந்தது. அதைப் பதிலில் எழுதியிருந்தால் புது நிறுவனத்தின் மேல் பழி போட்ட மாதிரி ஆகியிருக்கும். ஆகவே மின்னஞ்சலில் மட்டும் விளக்கி எழுதினோம், எக்செல் கோப்பில் இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் இப்போது போக வேண்டிய பக்கம் என்று வரிசையாக. மின்னஞ்சல் முந்தின நாள், பதில் மறுநாள். "அனுப்புவோம்" என்று பொதுவில் வாக்குக் கொடுத்துவிட்டு மறப்பதைவிட, அனுப்பியதைச் சொல்வது நல்லது.

பதில் போட்டால் விமர்சனம் எழுதியவருக்கு கூகுள் தகவல் அனுப்பும்; அவர் விரும்பினால் தான் எழுதியதைத் திருத்தலாம். கொஞ்ச நாள் கழித்துக் கடைக்காரர் திருத்தினார். நட்சத்திரம் ஒன்றுதான், மாறவில்லை. "ஏமாத்துக்காரங்க" இருந்த இடத்தில் "வேலை சரியில்லை" என்று இருந்தது. டொமைன் பற்றிய வரியை எடுத்துவிட்டிருந்தார். மின்னஞ்சலுக்குத் தனியாக ஒரு வரி பதில் வந்தது: லிஸ்ட் கிடைத்தது, புது ஆட்களிடம் கொடுத்துவிட்டேன் என்று.

தம்பி மறுபடியும் பதிலைத் திருத்தி நன்றி சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றேன். இப்போது புதிதாக வருகிறவர்களிடம் டொமைனை முதல் நாளே அவரவர் பெயரில், அவரவர் மின்னஞ்சலில் பதிவுசெய்யச் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஏஜென்சி பெயரில் இருக்கும் டொமைன்களை ஒவ்வொன்றாக வாடிக்கையாளர் கணக்குகளுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.